காவிக்கு அடியில்

செல்வலட்சுமி கிராம சுகாதார செவிலியராகி இருபத்தோரு வருஷம். பரளச்சிப் பக்கம் நாலு ஊருக்கு அவள்தான் நர்சக்கா. முன்பு ஆள் வந்து கூப்பிடுவார்கள். இப்போது போனில் உடம்பே படமாக வந்துவிடுகிறது. முதுகு, தொடை, பிள்ளையின் கழுத்து. கூடவே ஒரே கேள்வி: "சீரியஸா அக்கா?" பெரும்பாலும் வேர்க்குரு, படை, பூச்சிக்கடி. "சொறியாதீங்க. பரவுனா வாங்க. காய்ச்சல் இருந்தா உடனே வாங்க." அடித்து அடித்து விரல் தானாகவே ஓடும்.

அன்று தடுப்பூசிப் பெட்டியோடு பஸ்ஸில் நிற்கையில் தங்கமாரி ஒரு படம் அனுப்பினாள். அவள் புருஷன் ராஜபாண்டி, ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். நெற்றியின் வலப்பாதி முழுக்கச் செங்காவி. அக்கிக் கொப்புளம் என்று ஊர் வழக்கப்படி காவியால் எழுதியிருந்தார்கள். காவிக்கு அடியில் இருப்பது ஒன்றும் தெரியவில்லை. நின்று நின்று செல்வலட்சுமிக்குக் கால் வலித்தது. 'பயப்படாதீங்க' என்று அடித்தும் விட்டாள். அனுப்பும் முன் படத்தைப் பெரிதாக்கினாள். மூக்கு நுனியில், காவி படாத இடத்தில், இரண்டு நீர்க்கொப்புளம்.

அழித்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"கொப்புளம் எப்ப வந்துச்சு?"

"முந்தாநேத்துக்கா. அதுக்கு முன்னாலயே அந்தப் பக்கம் மட்டும் எரியுதுன்னாக."

"கண்ணு?"

"செவந்திருக்கு. வெளிச்சம் கூசுதாம்."

"இன்னைக்கே அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க. கண்ணு டாக்டரைப் பாக்கணும்."

போன் ராஜபாண்டி கைக்கு மாறியது. "நர்சக்கா, மூணு தடவ எழுதணும். ரெண்டுதான் ஆயிருக்கு. நடுவுல ஊசி போட்டா உள்ள எறங்கிரும்னாரு எழுதுறவரு."

"நாளைக்கும் எழுதிக்கோ, நான் வேணாங்கல. ஆனா மூக்கு நுனியில வந்தா கண்ணுக்குள்ளயும் வரலாம்லே. போட்டோவ வச்சு உள்ள என்னன்னு நான் சொல்ல முடியாது. கொப்புளம் வந்து மூணு நாளைக்குள்ள மாத்திரைய ஆரம்பிச்சாத்தான் நல்லாக் கேக்கும். உனக்கு இன்னைக்கோட முடியுது."

"ஆட்டோ சும்மா நிக்குமேக்கா."

"கண்ணு போச்சுன்னா ஆட்டோவ யாரு ஓட்டுவா, உன் பொண்டாட்டியா?"

பின்னால் தங்கமாரி, "ஓட்டுனாலும் ஓட்டுவேன், இவுகளவிட நல்லா" என்றாள். அவன் சிரிக்கவில்லை. ஆனால் கிளம்பினான்.

ஆஸ்பத்திரியிலும் அக்கிதான் என்றார்கள். கருவிழி ஓரம் வரைக்கும் வந்திருந்ததாம். மாத்திரை, சொட்டு மருந்து, நடுவில் இரண்டு முறை கண்ணைப் பார்க்க வரச் சொன்னார்கள்.

ஒரு மாதம் கழித்து அவன் ஆட்டோவில்தான் செல்வலட்சுமி ஏறினாள். நெற்றியில் தழும்பு. கண் தெளிவாக இருந்தது.

"இன்னமும் சுரீர்னு இழுக்குதுக்கா."

"கொஞ்ச நாள் இருக்கும். தாங்கலைன்னா டாக்டர்ட்ட சொல்லு."

"மூணாவது எழுத்துலதான் கேட்டுச்சு."

வாதாட அவளுக்குத் தெம்பில்லை. பெட்டியை மடியில் ஏற்றிக்கொண்டாள்.

"இருக்கட்டும். இனிமே வீட்ல யாருக்கு எது வந்தாலும், காவி பூசுறதுக்கு முன்னாடி போட்டோ எடு."