வெளுத்த நாற்காலிக்கு வந்த சிவப்பு

சிதம்பரத்தில் எங்கள் மொட்டைமாடி வெயிலிலேயே கிடந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி வெளுத்து, தொட்டால் மாவாக ஒட்டியது. நீல வாளியும் அப்படித்தான். என் இடுப்புக்கு ஒத்துவரும் ஒரே நாற்காலி அது. மனைவி இரண்டையும் காயலான் கடைக்கு எடுத்து வைத்துவிட்டாள். காப்பாற்றும் அவசரத்தில் நாற்காலிக்குத் தேங்காய் எண்ணெய் தடவினேன். பளபளத்தது. உட்கார்ந்து எழுந்தபோது வேட்டியின் பின்புறம் ஆறு சிவப்புப் பட்டைகள்.

"மாமா, எங்க போய் அடி வாங்கினீங்க?" என்று சிரித்தாள், அன்று வீட்டுக்கு வந்திருந்த மருமகள். முதுநகரில் வண்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் கடை வைத்திருப்பவள். "அந்த மாவ எடுக்காம எண்ணெ தடவுனா நிக்குமா?"

சோப்பு போட்டு எண்ணெயைக் கழுவினாள். தண்ணீர் விட்டுக்கொண்டே, ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாளான வாட்டர் பேப்பரால் தேய்க்க, மாவு குழம்பாக வழிந்தது. காய்ந்ததும், ஸ்டிக்கருக்குச் சூடு காட்டக் கடையில் வைத்திருக்கும், அனல்காற்று ஊதும் ஹீட் கன்னை வண்டியிலிருந்து எடுத்துவந்து மெல்ல ஓட்டினாள். அது போன வழியெல்லாம் வெளிறல் மறைந்து சிவப்பு எழுந்தது. நான் வாய் பிளந்து நின்றேன்.

"அங்க இன்னும் கொஞ்ச நேரம் புடிம்மா."

"ஒரே எடத்துல புடிச்சா உருகிடும். சும்மா இருங்க மாமா."

வாளி மெல்லிசு என்பதால் இன்னும் தள்ளிப் பிடித்தாள், நீலமும் வந்தது. பிறகு நாற்காலியின் நான்கு கால்களையும் அழுத்திப் பார்த்தாள். நிறம் வந்தாலும் பலம் வராதாம். நல்லவேளை, விரிசல் இல்லை.

"உக்காரலாம். ஆனா இனிமே நெழல்லதான் போடணும்."

மனைவி வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்தாள். எதுவும் ஒட்டவில்லை. நாற்காலியைத் தூக்கிப்போய்க் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே போட்டு, தானே முதலில் உட்கார்ந்துகொண்டாள்.