சேற்றில் ஜோடி போட்டு நடக்கச் சொன்ன திட்டம்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆறாவது, ஏழாவது பிள்ளைகளை ஏரிப் பக்கம் இயற்கை நடைக்குக் கூட்டிப் போகிறோம் என்று சொல்லிப் பெற்றோரை வரச் சொல்லியிருந்தார்கள். என் மகள் அப்போது ஏழாவது. பூநாரையைப் பக்கத்திலிருந்து பார்க்கப் போகிறோம் என்று ஒரு வாரமாக வீட்டில் அதே பேச்சு.

திட்டம் போட்டவர் விளையாட்டு சார். பட்டணத்து ஆள். எங்கள் ஊருக்கு வந்து ஒரு வருஷம் ஆகவில்லை. கழுத்தில் விசில், காலில் வெள்ளை ஷூ. ஆகாயத்திலிருந்து எடுத்த ஏரிப் படம் ஒன்றைச் சுவரில் ஒட்டி, கரையிலுள்ள டச்சுக்காரன் கல்லறையிலிருந்து பூநாரை நிற்கும் மணல்திட்டு வரைக்கும் சிவப்பு மையால் நேராகக் கோடு இழுத்திருந்தார். கரையைச் சுற்றினால் இரண்டு மணி நேரமாம், குறுக்கே போனால் அரை மணியாம். படத்தில் அந்த இடம் வெள்ளையாகக் காய்ந்த தரைபோல இருந்தது. கோடையில் எடுத்த படம். நாங்கள் பேசிக்கொண்டிருந்ததோ தை மாதம். அந்த வெள்ளையின்மேல் இப்போது முழங்கால் தண்ணீர், அதற்குக் கீழே ஆளை இழுக்கும் உளை.

விதிகளையும் வாசித்தார். ரெண்டு ரெண்டு பேராகக் கை கோத்து வரவேண்டும். எல்லாரும் ஷூ போடவேண்டும். பத்து மணிக்குக் கிளம்பி இரண்டு மணிக்குத் திரும்பவேண்டும். பிள்ளையை அனுப்பச் சம்மதம் என்று பெற்றோர் காகிதத்தில் கையெழுத்துப் போடவேண்டும்.

அந்த ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடித்துத்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. தெரியாத சேற்றில் நாங்கள் ஜோடி சேர்ந்து நடப்பதே இல்லை. முன்னால் போகிறவர் கோலை ஊன்றிப் பார்ப்பார்; பின்னால் வருகிறவர்கள் அவர் வைத்த அடியிலேயே காலைத் தேய்த்துத் தேய்த்து வைப்போம். தூக்கி வைத்தால் சேற்றில் படுத்திருக்கும் திருக்கை மீனை மிதித்து முள் குத்து வாங்குவோம். கை கோத்தால் ஒருத்தி இறங்கும்போது அடுத்தவளும் இறங்குவாள்.

எழுந்து கேட்டேன். “சார், அங்க உளை இருக்குது. மத்தியானம் கடல்காத்து எழும்புனா தண்ணி ஏறும். புள்ளைங்கள இன்னா பண்ணுவீங்க?”

“ஏம்மா, மேப் பார்த்துத்தான் போட்டிருக்கேன். நீங்க படிச்சது எதுவரைக்கும்?”

“அஞ்சாவது.”

அவர் சிரித்தார். அவர் சிரித்ததும் எங்கள் ஜனமும் சிரித்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அத்தனை பேரும் அந்தச் சேற்றில் பிழைக்கிறவர்கள். ஆனால் அச்சடித்த காகிதத்தை நீட்டினால் போதும், பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போடுவார்கள். பக்கத்தில் இருந்தவள் என் முந்தானையை இழுத்து, “சும்மா குந்துக்கா, சாருக்குத் தெரியாதா இன்னா?” என்றாள். அவள் புருஷன் போன மழைக்காலத்தில் அதே உளையில் இடுப்புவரை புதைந்து, நாலு பேர் சேர்ந்து இழுத்தெடுத்த ஆள்!

நான் கையெழுத்துப் போடவில்லை. “அப்ப உங்க பொண்ணு வர முடியாது” என்றார் சார்.

வீட்டில் மகள் சோறு உண்ணவில்லை. “நைனா இருந்தா போட்டிருப்பாரு” என்றாள். அவள் அப்பா கடலுக்குப் போயிருந்தார். அம்மன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, தாயே, என் பிள்ளை ஒருத்தியை நிறுத்திக்கொண்டேன், மற்ற நாற்பதையும் யார் நிறுத்துவது என்று கேட்டு அழுதேன்.

காலையில் கோலை எடுத்துக்கொண்டு நேராகத் தலைமை டீச்சரிடம் போனேன். “டீச்சர், புள்ளைங்கள இட்டுக்கினு போறதுக்கு மின்ன சார் ஒருதபா நடந்து பாக்கட்டும். நானும் வர்றேன்.” அவர் யோசித்துவிட்டு, “அதுவும் சரிதான். வழியப் பார்க்காம எப்படிக் கூட்டிட்டுப் போறது?” என்று சொல்லி அவரும் கிளம்பினார்.

கல்லறையைத் தாண்டியதும் டீச்சர் கரையில் நிற்க, நானும் சாரும் ஏரியில் இறங்கினோம். “என் பின்னால வா சார்” என்றேன். அவரா வருவார்? போனில் வழி பார்த்துக்கொண்டு எனக்குப் பக்கவாட்டில் நிமிர்ந்து நடந்தார். இருபது அடி போயிருக்கமாட்டார். ஒரு கால் தொடைவரை இறங்கியது. அதை எடுக்க அழுத்தியதில் மற்றதும் போனது. விசிலை ஊதவும் தோன்றவில்லை அவருக்கு.

“ஐயோ, ஐயோம்மா!”

“ஆட்டாத சார். பின்னால சாஞ்சி படு. கால மெல்ல அசைச்சி எடு.”

கோலை நீட்டி இழுத்தேன். ஆள் வந்தார், ஒரு ஷூ வரவில்லை. கரையிலிருந்து டீச்சர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் பெற்றோரை மறுபடி கூப்பிட்டுப் புதுத் திட்டம் வாசித்தார்கள். கரைமேட்டு வழி. பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர், நிற்கிற இடத்திலெல்லாம் தலை எண்ணவேண்டும். காலை ஏழுக்குக் கிளம்பி, எங்கே இருந்தாலும் பத்து மணிக்கு வந்த வழியே திரும்பவேண்டும். யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. “நான் நேர்ல போய் ஆய்வு செஞ்சதுல” என்று ஆரம்பித்தார் சார், வெட்கமே இல்லாமல். ஜனம் கை தட்டியது. காகிதத்தை முழுசும் படித்துவிட்டு நான் கையெழுத்துப் போட்டேன்.

நடை அன்று கடைசி ஆளாக என்னையே நடக்கவிட்டார்கள். பூநாரைகள் தூரத்தில் உப்பு சிந்தியதுபோலத்தான் தெரிந்தன. மகள் வரிசையை விட்டு என்னிடம் வந்து, “உன்னாலதான் கிட்ட போவலன்னு எல்லாரும் என்னைத் திட்றாங்க” என்று முறைத்தாள்.

“திட்டட்டும். வரிசைக்குப் போ, எண்ணணும்” என்றேன். நாற்பத்தொன்று. தாயே என்று இன்னொரு தடவையும் எண்ணினேன்.