சின்னாயியின் முப்பத்திரண்டு கூப்பன்கள்

திருச்செங்கோட்டில் வெள்ளியங்கிரியின் ஜவுளிக்கடையில் பதினோரு ஆண்டு கணக்கு எழுதிய தீர்த்தகிரி, காலணா தவறாதவர் என்று பெயர் எடுத்தவர். அந்தப் பெயரை அவரிடம் யாரும் நேரில் சொன்னதில்லை. கடைக்குள் நுழைகிறவர்கள் கேட்டதெல்லாம் வேறு.

"சலீம் தம்பி இல்லீங்களா?"

சலீம் துணி எடுத்துப் போடுகிறவர். கடைக்கு வந்து இரண்டே ஆண்டு. கூலி வேலைக்குப் போகும் பெண்களையும் "நீங்க, வாங்க" என்பார். தீர்த்தகிரி அதே பெண்களை "என்ன வேணும், சொல்லு" என்பார். இந்த வித்தியாசத்துக்குக் காசு செலவில்லை. ஆனாலும் தீர்த்தகிரிக்கு அது தோன்றவே இல்லை. சலீம் ஏதோ வசியம் செய்கிறார் என்றுதான் தோன்றியது. சலீமுக்கு யாராவது இரண்டு கொய்யாப்பழம் கொடுத்துவிட்டுப் போனால், அன்று முழுதும் தீர்த்தகிரியின் பேனா தாளைக் கிழிக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் ஆண்டு, மல்லசமுத்திரத்தில் கிளைக்கடை திறப்பதென்று முடிவாயிற்று. பொறுப்பாளர் சம்பளம் முப்பது ரூபாய். "உங்க ரெண்டு பேர்ல ஒருத்தரு போகோணும். தையில சொல்றேன்" என்றார் முதலாளி. தன் பதினோரு ஆண்டையும் சலீமின் இரண்டு ஆண்டையும் ஒரே தட்டில் வைத்துவிட்டாரே என்று தீர்த்தகிரிக்குத் தூக்கம் போயிற்று.

அந்தக் கடையில் ஒரு ரூபாய்க்குத் துணி எடுத்தால் ஒரு கூப்பன் தருவார்கள். ஒரு கூப்பன் ஓரணாவுக்குச் சமம்; பதினாறு சேர்ந்தால் ஒரு ரூபாய். அடுத்த முறை துணிக்குக் காசாகக் கொடுக்கலாம். அப்படிக் கூப்பனால் கொடுத்த தொகைக்கு மட்டும் புதுக் கூப்பன் கிடையாது. துணியை எட்டு நாளுக்குள் திருப்பினால் பணம். அதற்குப் பிறகு, அந்த மதிப்புக்கு வேறு சரக்கு எடுத்துக்கொள்ள ஒரு கடைச்சீட்டு.

மார்கழியில் மல்லசமுத்திரத்துச் சின்னாயி மகள் கல்யாணத்துக்குப் பன்னிரண்டு ரூபாய்ச் சேலை எடுத்தார். கடலைக்காட்டுக் கூலி. தெருவில் நாலு வீட்டுத் துணியையும் தானே வாங்கிக் கொடுத்து, இரண்டு ஆண்டாகச் சேர்த்த முப்பத்திரண்டு கூப்பன்களைக் கொடுத்தார். அது இரண்டு ரூபாய். முன்பு ஒரு போர்வையைத் திருப்பியதற்குக் கிடைத்த கடைச்சீட்டு மூன்று ரூபாய். மீதி ஏழு ரூபாய் ரொக்கம். சீட்டுக்கும் ரொக்கத்துக்குமாகப் பத்துப் புதுக் கூப்பன் கிடைத்தது.

ஐந்தாம் நாள் சேலை மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வரதட்சணையை ஏற்றியிருந்தார்கள். பெண்ணே கல்யாணம் வேண்டாமென்று சொல்லிவிட்டாள். அன்று சலீம் ஈரோட்டுக்குச் சரக்கெடுக்கப் போயிருந்தார்.

தீர்த்தகிரி ஏழு ரூபாயை எண்ணி வைத்தார். மூன்று ரூபாய்க்குக் கடைச்சீட்டு எழுதினார். "அந்தப் பத்துக் கூப்பனைக் குடு. வித்தாத்தான கூப்பன்? வித்தது ரத்து" என்று வாங்கிக்கொண்டார். அதுவரை சரிதான்.

"என்ற முப்பத்திரண்டு எங்கீங்க, நான் குடுத்தது?"

"அது செலவாயிப் போச்சு. கூப்பனுங்கறது தள்ளுபடி. ரெண்டு ரூபா தள்ளித்தான் உனக்கு வித்தோம். தள்ளுனதைத் திருப்பிக் கேட்பாங்களா?"

"சேலை உங்க கையில இருக்குதுங்க. செலவு எங்க ஆச்சுங்க சாமி?"

தீர்த்தகிரி பேரேட்டைத் திறந்தார். பேரேடு திறந்தால் பேச்சு முடிந்தது என்பது அந்தக் கடையின் வழக்கம். எழுத்துத் தெரியாதவர்கள் முன்னால் அப்படித்தான் எத்தனையோ பேச்சு முடிந்திருக்கிறது.

மறுநாள் சின்னாயி சலீமைப் பார்த்துவிட்டுப் போனார். சாயங்காலம் தீர்த்தகிரி கல்லாவைச் சரிபார்த்தபோது இரண்டு ரூபாய் குறைந்தது. சலீமின் கையெழுத்தில் ஒரு துண்டுத்தாள் இருந்தது: "சின்னாயி, சேலை திருப்பியதில் பாக்கி, ரொக்கம் ரூ. 2."

தீர்த்தகிரி அந்தத் தாளை மூன்று முறை படித்தார். இரண்டு ஆண்டில் அவர் அவ்வளவு மகிழ்ந்த நாள் இல்லை. இனிக் கூப்பனைக் கொடுத்துத் துணி எடுப்பார்கள், மறுநாள் திருப்பி ரொக்கம் வாங்குவார்கள், கல்லாப்பெட்டி காலியாகும். இதை ஒரு குழந்தைகூட முதலாளிக்கு விளக்கிவிடலாம். விளக்கினார்.

சலீம் மறுக்கவில்லை. "ரொக்கமாக் குடுத்தது என்ற தப்புத்தானுங்க மொதலாளி. கூப்பனாக் கொண்டு வந்தது கூப்பனாத்தான் போகோணும். கூப்பன் கட்டு இந்த அண்ணன் பொட்டியில பூட்டியிருந்துதுங்க. ஆனா ஒண்ணு. நாம குடுத்த பத்தை வாங்கிக்கிட்டோம். அவங்க குடுத்த முப்பத்திரண்டைத் தரலே. அதென்னுங்க கணக்கு?"

முதலாளி பேரேட்டை வாங்கிப் புரட்டினார். திரும்பிய சரக்குகளின் பக்கம். இரண்டு ஆண்டில் கூப்பன் கொடுத்து வாங்கித் திருப்பியவர்கள் நாற்பத்தோரு பேர். ஒருவருக்கும் கூப்பன் திரும்பியதாக எழுத்து இல்லை.

தீர்த்தகிரி அந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்தார். திருடவேண்டுமென்று அவர் செய்ததல்ல. கூப்பனைத் தள்ளுபடி என்றே நம்பினார். அது வாடிக்கையாளர் கொடுத்த காசின் ஒரு பங்கு என்று அந்த நிமிஷத்தில்தான் அவருக்குப் புரிந்தது.

"மொத்தம் எத்தனை?" என்றார் முதலாளி.

"அறுநூத்தி எட்டுக் கூப்பனுங்க. முப்பத்தெட்டு ரூபா."

முதலாளி சிரித்தார். "முப்பத்தெட்டு ரூபா மிச்சம் புடிச்சிருக்கறே. வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லையே." பிறகு சலீம் பக்கம் திரும்பினார். "அந்த ரெண்டு ரூபாயை உன்ற சம்பளத்துல புடிச்சுக்கறேன்."

கடைக்கு இரண்டு ரூபாய் நஷ்டமானால் குற்றம்; நாற்பத்தோரு ஏழைகளுக்கு முப்பத்தெட்டு ரூபாய் நஷ்டமானால் திறமை. கிளைக்கடை தீர்த்தகிரிக்குக் கிடைத்தது.

தை மாதம் மல்லசமுத்திரத்தில் கடை திறந்தது. முதல் நாள் வந்தவர்களில் சின்னாயியும் ஒருவர். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"சலீம் தம்பி வர்லீங்களா?"

முப்பது ரூபாய்ச் சம்பளம், தனி மேசை, கையில் சாவிக்கொத்து. எல்லாம் இருந்தும் தீர்த்தகிரிக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில்தான் அவர் அந்தக் காரியத்தைத் தொடங்கினார். நாற்பத்தோரு பெயர்களையும் எழுதி எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனார். "கூப்பனைத் திருப்பிக் குடுத்துரலாமுங்க. ரொக்கம் ஒண்ணும் போகாது. நம்ம கடையிலதான் செலவு பண்ணோணும். கூப்பன் வெச்சிருக்கறவன் கையில காசும் கொண்டுதான வருவான்." முதலாளி யோசித்துத் தலையசைத்தார்.

வாரச்சந்தை நாட்களில் ஆளனுப்பிக் கூப்பிட்டு, பழைய பில் பார்த்து, ஒவ்வொருவருக்கும் எண்ணிக் கொடுத்தார். "திரும்பிய சரக்குக்குக் கூப்பனாகவே வரவு" என்று எழுதினார். வாங்கிக்கொண்டவர்கள் முகம் மலர்வதைப் பார்க்கக் காத்திருந்தார். மலர்ந்தது.

"சலீம் தம்பி சொல்லி அனுப்புனாருங்களா?" என்றார் மாரக்காள் என்ற கிழவி.

"இல்ல. நானாக் குடுக்கறேன்."

"செரிங்க" என்றார் கிழவி, நம்பாமல்.

நாற்பது பேர் முடிந்தார்கள். நாற்பத்தோராவது சின்னாயி. அவர் கூப்பனை வாங்கவில்லை.

"தம்பி அன்னைக்கே ரெண்டு ரூபா குடுத்துட்டாருங்க. ரெண்டு தடவ வாங்குனா நல்லாருக்குமுங்களா?"

"அப்ப இது யாருக்கு?"

"எனக்குத் தெரியுமுங்களா? கணக்குப் புள்ளை நீங்க."

சின்னாயி போன பிறகு தீர்த்தகிரி அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னாயிக்குச் சேரவேண்டியது சேர்ந்துவிட்டது. கடை அதைத் தரவில்லை. சலீமின் சம்பளம் தந்தது. ஆக, கடை இன்னும் தராமல் வைத்திருக்கும் முப்பத்திரண்டு கூப்பன்கள் சலீமுடையவை. கணக்கை எப்படிக் குறுக்கிலும் நெடுக்கிலும் திருப்பினாலும் அந்தப் பெயரே வந்தது. எழுதாமல் விட்டால் கேட்க ஆளில்லை. முதலாளி பார்க்கமாட்டார். சலீமும் கேட்கமாட்டார், அதுதான் எல்லாவற்றையும்விட எரிந்தது.

கடை சாத்தும் நேரம்வரை பேனா மைக்கூட்டுக்கும் தாளுக்கும் நடுவிலேயே நின்றது. பிறகு, காலணா தவறாத அந்த எழுத்தில், "சலீம், வரவு, கூப்பன் 32" என்று எழுதினார். முப்பத்திரண்டையும் இரண்டு முறை எண்ணி உறையில் போட்டு, திருச்செங்கோட்டு பஸ் கண்டக்டரிடம் கொடுத்தார்.

"யாரு குடுத்ததுன்னு சொல்லட்டுமுங்க?" என்றார் கண்டக்டர்.

"என்ற பேரைச் சொல்லு" என்றார் தீர்த்தகிரி. "மறக்காமச் சொல்லு."