எனக்கு நானே அனுப்பிய பாஸ்வேர்ட்

நான் எழுதாத கடிதங்கள் என் மெயிலின் 'அனுப்பியவை' பகுதியில் கிடந்தன. உடனே பாஸ்வேர்டை மாற்றி, மற்ற எல்லாக் கருவிகளிலும் லாக் அவுட் செய்தேன். மறுநாளே எவனோ மறுபடி நுழைந்திருந்தான். மறுபடி மாற்றினேன், மறுபடி வந்தான். ஸ்ரீரங்கத்து வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாலும் என் தோளுக்குப் பின்னால் நின்று அவன் படிப்பது போலிருந்தது. வீட்டில் யார் கூப்பிட்டாலும் எரிந்து விழுந்தேன்.

தில்லை நகரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் பெண்ணிடம் லேப்டாப்பைக் கொண்டுபோனேன். முதலில் வைரஸ் இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. பிறகு மெயிலின் செட்டிங்ஸைத் திறந்தார். எனக்கு வரும் ஒவ்வொரு மெயிலும் முன்பின் தெரியாத ஒரு முகவரிக்குத் தானாகவே போய்க்கொண்டிருந்தது.

"முதல்ல இத எடுத்துடணுங்க. ரெக்கவரி நம்பரும் மெயிலும் உங்களோடதுதானான்னு பாக்கணும். அப்புறம் பாஸ்வேர்ட மாத்தி, எல்லா எடத்துலயும் லாக் அவுட் பண்ணிட்டு, போனுக்கு கோட் வர்ற மாதிரி வெச்சுடலாம்" என்றவர், சட்டென்று நிமிர்ந்தார். "ஆமா, பாஸ்வேர்ட எங்கயாவது எழுதி வெச்சிருக்கீங்களா?"

"அந்தத் தப்பெல்லாம் நான் பண்ண மாட்டேங்க" என்றேன் விறைப்பாக. "மறந்துடக் கூடாதுன்னு, மாத்தினதும் எனக்கே ஒரு மெயில் போட்டுப்பேன்."

சொல்லி முடித்த பிறகுதான், நான் சொன்னது என் காதில் விழுந்தது.