மூட்டைக்குள் எட்டரை கிலோ

மாதனூர் பக்கத்தில் ஒரு கூட்டுறவு சங்கத்தில் எனக்கு எழுத்தர் வேலை கிடைத்தபோது எண்பதுகள் தொடங்கி இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. பி.காம். படித்திருந்தேன். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் வீட்டில் யாரும் ஒரு பிடி நாற்றைக் கையில் பிடித்தவர்கள் இல்லை. உர மூட்டையை நான் பக்கத்தில் பார்த்ததே அந்த சங்கத்துக் கிடங்கில்தான்.

ஆனால் என் கையெழுத்து அழகாக இருக்கும். அதனால் வாசலில் இருந்த கரும்பலகை என் பொறுப்புக்கு வந்தது. என்ன சரக்கு இருக்கிறது, ஏக்கருக்கு எவ்வளவு போட வேண்டும் என்பதையெல்லாம் நான்தான் எழுதுவேன். விவசாய அலுவலர் பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருவார், ஒரு தாளில் சிபாரிசு எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். நான் அதைப் பலகையில் ஏற்றுவேன். செயலாளர் தூர நின்று பார்த்து, "அச்சடிச்ச மாதிரி இருக்குதும்மா" என்பார். எனக்குப் பெருமையாக இருக்கும்.

அந்தப் பருவத்தில் வழக்கமாக வரும் சூப்பர் பாஸ்பேட்டும் பொட்டாஷும் வரவில்லை. லாரியில் வந்து இறங்கியது யூரியா, கொஞ்சம் டி.ஏ.பி., மீதி எல்லாம் மூன்று சத்தும் கலந்த காம்ப்ளெக்ஸ். காம்ப்ளெக்ஸ் மூட்டையில் 17-17-17 என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. முதல் எண் தழைச்சத்து, அடுத்தது மணிச்சத்து, மூன்றாவது சாம்பல்சத்து. இது எனக்குத் தெரியும். அலுவலர் வர இன்னும் பத்து நாள் இருந்தது. நடவோ தொடங்கிவிட்டது. வருகிறவர்கள் எல்லாம், "சூப்பர் இல்லன்னா இதை எவ்ளோ போடறது?" என்று கேட்டார்கள்.

நானே கணக்குப் போட்டேன். குறுகிய கால நெல்லுக்கு ஏக்கருக்குத் தழை நாற்பது கிலோ, மணி இருபது, சாம்பல் இருபது என்று அலுவலரின் பழைய தாளில் இருந்தது. ஒரு மூட்டை காம்ப்ளெக்ஸ் போட்டால் பதினேழு, பதினேழு, பதினேழு. தழை இன்னும் இருபத்துமூன்று வேண்டும். யூரியா மூட்டையில் 46 என்று இருந்தது. அதில் பாதி சரியாக இருபத்துமூன்று! பதினேழும் இருபத்துமூன்றும் நாற்பது. மணியும் சாம்பலும் மூன்று கிலோ குறைந்தால் குடி முழுகிவிடாது என்று நினைத்தேன். கணக்கு அவ்வளவு கச்சிதமாக வந்ததே, அதுதான் என்னை ஏமாற்றியது.

'ஏக்கருக்கு ஒரு மூட்டை காம்ப்ளெக்ஸ், அரை மூட்டை யூரியா' என்று பலகையில் எழுதினேன். கீழே கட்டம் போட்டு ஒவ்வொரு மூட்டையிலும் என்ன சத்து எத்தனை கிலோ என்றும் எழுதி வைத்தேன். மூன்று நாளில் ஒன்பது பேர் அதைப் பார்த்து வாங்கிப் போனார்கள்.

நான்காம் நாள் பிற்பகல் அவர் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் டிரம் ஓட்டுகிற வேலை. பச்சைத் தோலையும் மருந்தையும் உள்ளே போட்டுச் சுழலவிடும் பெரிய மர உருளைக்குத்தான் அங்கே டிரம் என்று பெயர். ஊரில் அவருக்கு ஒரு ஏக்கர் நிலமும் கிணறும் இருந்தன. காலை ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கி நேராக வந்திருந்தார். விரல் நகங்களில் குரோம் மருந்தின் நீலம் ஏறியிருந்தது.

பலகை முன்னால் நின்று வெகுநேரம் படித்தார். படித்து முடித்துப் போய்விடுவார் என்று நினைத்தேன். உள்ளே வந்தார். கிடங்கில் வேறு இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகும்வரை ஓரமாகக் காத்திருந்தார். பிறகுதான் பேசினார்.

"மேடம், ஒரு டவுட்டு. டி.ஏ.பி. மூட்டை எத்தினி கிலோ?"

"அம்பது."

"எல்லா மூட்டையும்?"

"இங்க இருக்கிறது எல்லாமே அம்பதுதான் அண்ணா."

"பலகையில டி.ஏ.பி.க்கு தழை பதினெட்டு கிலோ, மணி நாப்பத்தாறு கிலோன்னு போட்டுக்குது. ரெண்டும் சேர்ந்தா அறுபத்துநாலு வருதே. அம்பது கிலோ மூட்டையில அறுபத்துநாலு கிலோ எப்படி உக்காரும்?"

நான் பலகையைப் பார்த்தேன். என் கையெழுத்துதான். அழகாகத்தான் இருந்தது. மனதுக்குள் மறுபடி கூட்டிப் பார்த்தேன், அறுபத்துநான்குதான்.

அவர் என்னைப் பார்க்காமல் மூட்டையைப் பார்த்தபடியே சொன்னார். "இது பெர்சென்ட்டா இருக்கும் மேடம். எங்க டிரம்முல ஃபோர்மேன் உப்பு எட்டு பெர்சென்ட்னு சொல்வாரு. எட்டு கிலோன்னு அர்த்தம் இல்ல. நூறு கிலோ தோலுக்கு எட்டு கிலோ. தோலு அறுநூறு கிலோ இருந்தா நாப்பத்தெட்டு கிலோ உப்பு. கம்மியா போட்டா தோலு போச்சு, ஜாஸ்தியா போட்டாலும் பேஜார். இதுவும் அதே மாதிரிதானே? நூறு கிலோவுக்குப் பதினேழு. மூட்டை அம்பது. அப்போ பாதி."

"எட்டரை" என்றேன்.

"எட்டரை. டி.ஏ.பி.யில தழை ஒம்பது, மணி இருபத்துமூணு. யூரியாவுல தழை இருபத்துமூணு."

அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். அது பிறகு தெரிந்தது. அன்று எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இந்த மனிதருக்குச் சதவீதம் என்பது பரீட்சையில் எழுதிவிட்டு மறந்துபோகிற சமாசாரம் இல்லை. தினமும் எடை போட்டுக் கையால் அள்ளிப் போடுகிற பொருள். நான் பட்டம் வாங்கிய கையோடு அதைப் பலகையில் தப்பாக எழுதி வைத்திருக்கிறேன்.

அவருடைய ஏக்கருக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து மறுபடி கணக்குப் போட்டோம். இரண்டு மூட்டை காம்ப்ளெக்ஸில் ஒவ்வொரு சத்தும் பதினேழு கிலோ. இருபதுக்கு மூன்று குறைகிறது. மூன்றாவது மூட்டையில் மூன்றில் ஒரு பங்கு எடுத்தால் அது சரியாகிவிடும். தழை இன்னும் இருபது வேண்டும். யூரியா மூட்டை ஒன்றில் இருபத்துமூன்று இருக்கிறது. ஆகவே ஒரு மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. "ஆறரை கிலோ மிச்சம் வெச்சுடணும்" என்று அவர் நான் பென்சிலை எடுப்பதற்குள் சொல்லிவிட்டார். நான் எழுதிப் பார்த்தேன். நாற்பத்துமூன்றரை கிலோ போட வேண்டியிருந்தது. ஆறரை மிச்சம்.

அப்போதுதான் அந்த ஒன்பது பேர் நினைவுக்கு வந்தார்கள். நான் சொன்னபடி போட்டால் அவர்கள் நிலத்துக்குத் தழை இருபது கிலோதான் போகும், மணியும் சாம்பலும் எட்டரைதான். பாதிகூட இல்லை.

"அண்ணா, ஒம்பது பேர் வாங்கிட்டுப் போயிட்டாங்க" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"அதுக்கு இன்னா இப்போ? போய் சொல்லிட்டா ஆச்சு. பயிரு இப்போதானே நட்டுக்குது. யாரு யாருன்னு சொல்லுங்க, எனக்கு நிலம் தெரியும்."

செயலாளரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. ஆனால் திட்டவில்லை. பலகையை அழிக்கச் சொன்னார். நானே ஈரத்துணியால் துடைத்துவிட்டு, சரியான கணக்கைக் கட்டம் போட்டு மறுபடி எழுதினேன். அன்றும் மறுநாளும் பிற்பகலில் டிரம் அண்ணாவும் நானும் வரப்பு வரப்பாக நடந்தோம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கியது எனக்கு அதுதான் முதல் தடவை.

ஆறு பேர் இன்னும் போடவில்லை. மூட்டைகள் வீட்டில் அப்படியே இருந்தன. மூன்று பேர் போட்டுவிட்டார்கள். அவர்களில் ஒரு பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அம்பது கிலோ மூட்டையில மூணு சத்தும் சேர்த்து இருபத்தஞ்சரை கிலோதானா? மீதி இன்னா? மண்ணா? சங்கத்துல மண்ணை விக்கிறீங்களா?"

டிரம் அண்ணாதான் சொன்னார். "தாத்தா, மீதி சும்மா கலந்தது இல்ல. சத்து தனியா நிக்காது. எங்க மருந்தும் அப்படித்தான், குரோம் தூள் ஒரு மூட்டை போட்டா அத்தினியும் குரோம் கிடையாது, வேற வேற சேர்ந்துதான் தூளா நிக்கும். எவ்ளோ இருக்குதுன்னு மூட்டை மேலயே எழுதிட்டாங்க. ஏமாத்தறவன் எழுதுவானா? நாமதான் தப்பா படிச்சுட்டோம்."

'நாம' என்றார். தப்பாகப் படித்தது நான் ஒருத்திதான். இடையில் குறுக்கிட்டு, "தப்பு என்னோடது ஐயா" என்று சொன்னேன். பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி, உட்காரும்மா, மோர் குடி" என்றார்.

ஐந்தாறு நாள் கழித்து விவசாய அலுவலர் வந்தார். அடியுரம் போட்டுவிட்ட மூவருக்கும் குறைந்த காம்ப்ளெக்ஸை உடனே போடச் சொன்னோம் என்று சொன்னேன். சரியான முடிவுதான் என்றார். மணிச்சத்து நடவுக்கு முன்னால் போட்டால்தான் முழுப் பலன், தாமதமானால் கொஞ்சம் குறையும், ஆனால் தழையும் சாம்பலும் வீண் போகாது என்று விளக்கினார். யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் இரண்டாகப் பிரித்து, பயிர் வளரும்போது மேலுரமாகப் போடச் சொல்லிப் பலகையில் அதையும் சேர்த்தார். கட்டத்தைப் பார்த்து, "யார் போட்டது? சுத்தமா இருக்கே" என்றார். நான் நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

"அவரைப் பார்க்கணுமே" என்றார்.

ஆம்பூருக்குத் திரும்பும் வழியில் அலுவலர் தன் ஜீப்பில் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். தொழிற்சாலை கேட்டில் வாட்ச்மேன் உள்ளே ஆள் அனுப்பினார். சுண்ணாம்பும் தோலும் கலந்த நெடி சாலைவரை வந்தது. அலுவலர் கைக்குட்டையை எடுத்தார். டிரம் அண்ணா ரப்பர் பூட்ஸோடு வெளியே வந்ததும் அதைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

"நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி" என்று கையை நீட்டினார். அண்ணா தன் கையை லுங்கியில் இரண்டு முறை துடைத்துவிட்டுக் கொடுத்தார். ஏதாவது கேட்கணுமா என்று அலுவலர் விசாரித்தார். அண்ணா கொஞ்சம் யோசித்தார்.

"சார், அந்த அம்பது கிலோ சாக்கோட சேர்த்தா, சாக்கு இல்லாமலா?"

அலுவலர் சிரித்துவிட்டார். "சாக்கு இல்லாம. உள்ள இருக்கிற உரம் மட்டும் அம்பது."

"அப்போ எட்டரை சரிதான்" என்றார் அண்ணா. அந்த ஒன்றுதான் அவருக்கு இத்தனை நாள் உறுத்திக்கொண்டிருந்தது போல.

அறுவடையில் அந்த ஒன்பது பேர் நிலமும் மோசம் போகவில்லை. முதலில் போட்டுவிட்ட மூன்று பேரின் நிலத்தில் மட்டும் நாற்றிலிருந்து வெடிக்கும் தூர் கொஞ்சம் கம்மி என்று பெரியவர் சொன்னார். குற்றமாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு நான் அந்த சங்கத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். எத்தனையோ அதிகாரிகளைப் பார்த்துவிட்டேன். தனக்குத் தெரிந்ததை இன்னொருவர் தலைகுனியாதபடி சொல்லத் தெரிந்தவர்கள் அதில் மிகக் கொஞ்சம் பேர்.

அன்று கேட்டில் நாங்கள் இன்னும் கொஞ்ச நேரம் பேசியிருப்போம். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். டிரம்மை நிறுத்த நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, பூட்ஸ் சத்தம் கேட்க அவர் வேகமாக உள்ளே போய்விட்டார்.