பல் விளக்கிக்கொண்டே போனவர்

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஒரு பேச்சு உலவியது. திருச்சுழிப் பக்கத்து ஊர் ஒன்றில், முளைப்பாரி ஊர்வலத்தன்று ஜக்கம்மாள் என்கிற பெண் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நடந்தாராம். கோயில் முன்னால் கட்டிய ஃப்ளெக்ஸிலேயே தெரிகிறதாம். அம்மன் செயல் என்றார் டீக்கடைக்காரர். அம்மன் எந்த கம்ப்யூட்டரில் வேலை பார்த்தாள் என்று விசாரிக்கப் போனேன்.

ஊருக்குள் அம்மனைப் பற்றி யாரும் பேசவில்லை. கோயில் வரியைப் பற்றித்தான் பேச்சு. அங்கே ஒரு குடும்பத்துக்கு ஒரு வரி, ஒரு முளைப்பாரி. ஃப்ளெக்ஸில் தெரியும் இரண்டாவது பெண் பாலவனத்தத்தில் வாக்கப்பட்டிருக்கும் ஜக்கம்மாளின் தங்கச்சி அருஞ்சுனைதான், அதே ஜாடை, ஜக்கம்மாள் வரி கட்டாமல் அவளையும் இன்னொரு முளைப்பாரி தூக்க வைத்துவிட்டார் என்று முடிவு கட்டியிருந்தார்கள். ஜக்கம்மாள் கோயிலில் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அடுத்த பொங்கலுக்கு அந்த வீட்டு வரியை வாங்கமாட்டார்கள். வரி வாங்காத வீடு ஊரில் இருந்தும் இல்லாத வீடு.

அம்மன் செயலைச் செய்தவன் டவுனில் ஒரு ஸ்டுடியோவில் உட்கார்ந்திருந்தான். பெயர் கார்த்தீஸ்வரன். தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. கல்யாண ஆல்பங்களைத் திருத்தித் திருத்தி, சும்மா உட்காரவே மறந்துவிட்டவன். பஸ்ஸில் போனால்கூட, முன் சீட்டுக்காரரை எடுத்தால் பின்னால் எதை வைத்து அடைக்கலாம் என்று கண் தேடும். பேசும்போது கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

விழாக் கமிட்டித் தலைவர் சுந்தரபாண்டி அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்று: ஊர்வலத்துக்குப் பின்னால் லுங்கியோடு பல் விளக்கிக்கொண்டு போகும் ஆளை எடுத்துவிடு.

முதலில் தானாக அழிக்கும் கருவியை ஓட்டினான். ஆள் போனார், பக்கத்து முகங்கள் மாவாகக் கரைந்தன. அடுத்து, பக்கத்துக் கூட்டத்தையே நகலெடுத்து ஒட்டினான். ஒரே மஞ்சள் ரவிக்கை வரிசையாக நின்றது. கடைசியில் போட்டோக்காரர் அதே இடத்தில் நின்று எடுத்த அடுத்த படத்தைத் திறந்தான். அதில் பல் விளக்குபவர் கடந்துபோயிருந்தார். அந்த இடத்தை மட்டும் வெட்டி, டியூப்லைட் கம்பத்தோடு கம்பம் பொருத்தி, ஓரத்தை மெதுவாக்கி உட்காரவைத்தான். தீற்றல் இல்லை. நகல் இல்லை.

ஆனால் அந்தச் சில நொடியில் ஊர்வலமும் நகர்ந்திருந்தது. முதல் படத்தில் இடது பக்கம் வந்த ஜக்கம்மாள், அடுத்த படத்தில் சரியாக அந்த ஓட்டைக்குள் வந்து சேர்ந்திருந்தார். கமிட்டிக்காரர்கள் செல்போனில் பார்த்து ஓகே சொன்னார்கள். ஃப்ளெக்ஸில் முகம் பெரிதாயிற்று.

பஞ்சாயத்து ஸ்டுடியோவுக்கே வந்தது. அவன் மூலப் படத்தைத் திறந்து காட்டினான்.

"பாருங்க அண்ணாச்சி, அக்கா ஒரு எடத்துலதான் இருக்காக. ஃப்ளெக்ஸுல ரெண்டாவதா தெரியுற எடத்துல இந்த ஆளுதான் போறாரு."

சுந்தரபாண்டி கண்ணாடியைக் கழற்றினார். "ஏப்பா, நான் எடுக்கச் சொன்ன ஆளு இங்கனதான் போனான்னு யாரு கண்டா? ஆள எடுக்கத் தெரிஞ்சவனுக்கு எடம் மாத்தி வைக்கத் தெரியாதாக்கும்?"

"தம்பி, ஒரு முளைப்பாரிக்கே எனக்குக் கழுத்து திரும்பல. நீ என்னைய ரெண்டு தூக்க வச்சிட்ட," என்றார் ஜக்கம்மாள். சிரிக்கவில்லை.

அழித்த ஆளைத் தேடி அவனே அலைந்தான். ஊர் டீக்கடையில் படத்தைக் காட்ட, லோடு லாரி டிரைவர் கருத்தப்பாண்டி என்று தெரிந்தது. பந்தல்குடியில் லாரிக்கு அடியில் படுத்திருந்தவரை எழுப்பிக் கூட்டிவந்தான்.

"அந்த நீல ஷட்டருக்கு முன்னால நாந்தேன் போனேன்," என்றார் கருத்தப்பாண்டி. சுந்தரபாண்டியைக் கை காட்டினார். "'சாமி வருது, வாயக் கழுவிட்டு வாய்யா'ன்னு அங்கன வச்சு வஞ்சது இவுகதான?"

சுந்தரபாண்டிக்கு நினைவு வந்தது. வைததை யாரும் கம்ப்யூட்டரில் சேர்க்க முடியாதே. ஜக்கம்மாள் வீட்டு வரி தப்பித்தது.

படத்தை அவன் மறுபடி செய்தான். இந்த முறை முந்தைய படம்: இரண்டு வரிசைக்கு நடுவே அந்த இடம் காலியாக, நீல ஷட்டரும் புழுதியும் மட்டும் தெரிந்த நொடி. தரையில் மிச்சம் கிடந்த டிரைவரின் நிழலையும் எடுத்தான். ஒட்டிய இடம் வழவழவென்று தனித்துத் தெரியாமல் படத்தின் மற்ற இடத்தில் இருக்கும் பொரிப்பொரியான புள்ளிகளை அதற்கும் தூவினான். ஜக்கம்மாள் திரையில் விரல் வைத்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, "இப்பச் சரி" என்ற பிறகே அச்சுக்குப் போனது.

சாட்சி சொன்னதற்குக் கூலியாகக் கருத்தப்பாண்டி ஒன்று கேட்டிருந்தார். "எல்லாரும் என்னைய எடுக்கத்தான் சொல்றாக. என்னைய வச்சே ஒரு படம் குடுப்பா."

கொடுக்கிறேன் என்றான். திறந்தால், முகவாயில் பேஸ்ட் நுரை. அதை எடுத்தான். பிரஷ் உறுத்தியது; எடுத்தான். இப்போது மனிதர் கையை வாயில் வைத்து நகம் கடிக்கிறார். கையை இறக்க வேண்டும். அதற்குத் தோதான கை தேடிக்கொண்டிருக்கிறான்.

வாசலில் லாரி ஹாரன் அடித்தது.

"தம்பி, படம்?"

"நாளைக்குண்ணே!" என்றான், திரையிலிருந்து திரும்பாமல்.