வயலட்டின் இரண்டு ஞானஸ்நானங்கள்

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். கேரளத்தின் தெற்கெல்லையில், காரோடு என்ற ஊருக்கு அருகில் கடலோரத்திலுள்ள மீனவர் நலவாரிய அலுவலகத்தில் ஓய்வூதிய விண்ணப்பங்களைச் சரிபார்ப்பவன் நான். பெயர் ஜெயன். என்னையும் மிஞ்சிச் சந்தேகப்படும் ஒருத்தியைச் சந்திப்பேன் என்று நினைத்ததில்லை.

வயலட் மீன் விற்கிறவள். ஏலத்தில் எடுத்த மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் கூடையில் போடமாட்டாள். கணவன் சூசை உயிரோடு இருந்தபோது அவன் பிடித்து வந்த மீனுக்கும் அதே கதிதான். நான் விண்ணப்பத்தை வாங்கி மேசையில் வைத்தால், அது அங்கேயே இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பாள். எனக்கு எரிச்சல் வரும்.

அறுபது முடிந்தால் ஓய்வூதியம் உண்டு. மூட்டுவலியில் கூடை சுமக்க முடியாத அவளுக்கு அதுதான் ஒரே வழி. ஆனால் வயதுக்கு ஆதாரம் வேண்டுமே. பள்ளிச் சான்று இருந்தால் அதைத்தான் முதலில் பார்ப்போம். அவள் பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை. வாக்காளர் அட்டையில் ஒரு வயது, நலவாரியப் பாஸ்புக்கில் வேறு வயது. இரண்டும் அவள் வாயால் சொல்லி எழுதியவை. இப்படி முட்டிக்கொள்ளும்போது, பிறந்த காலத்திலேயே எழுதப்பட்ட ஞானஸ்நானப் பதிவைத் துணைச் சான்றாகக் கேட்பது எங்கள் அலுவலக வழக்கம்.

ஒரு வாரத்தில் பங்குக்கோயில் முத்திரையோடு சான்றிதழ் கொண்டுவந்தாள். கிரகோரியின் மகள் வயலட், 1964. வயது அறுபத்தொன்று. காகிதத்தில் மை மணம்கூடப் போகவில்லை. இத்தனை கச்சிதமாக வந்து விழுந்ததே எனக்கு உறுத்தியது. பங்குச் சாமியார்கள் இரக்கப்பட்டு எழுதித் தருவதுண்டு என்று ஒரு பேச்சு உண்டு. போட்டு வாங்கலாம் என்று, ஞானஸ்நானத்தில் உங்களைக் கையிலேந்திய ஞானத்தாய் யார் என்று கேட்டேன்.

“மார்த்தா மாமியாக்கும். எனக்க கல்யாணத்துக்கும் அவதான் முன்ன நின்னா.”

சான்றிதழில் கிளாரா என்று இருந்தது. படித்துக் காட்டினேன். பயந்து மழுப்புவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகம் சிவந்துவிட்டது.

“எந்த கிளாரா? சாறே, எழும்பி வாரும். கோயிலுக்குப் போவோம். என்னை யாரோ பற்றிச்சிருக்கு, ஏமாத்தியிருக்கு.”

சந்தேகம் இருந்தால் மூலப் பதிவையே பார்ப்பது எங்கள் வேலைதான். இருவரும் நடந்தோம். வழிநெடுக அவள் எல்லோரையும் சந்தேகித்தாள். கோயில் கணக்கர் பிபின் மேல் சந்தேகம், என்மேல் சந்தேகம். செத்துப்போன அம்மாவையும் விடவில்லை. எதற்குக் கூப்பிட்டாலும் “வயலட்டே, வயலட்டே” என்று இரண்டு தடவை கூப்பிடுவாளாம்; ஒரு தடவை கூப்பிட்டால் மகள் வருவாள் என்று அவளுக்கு நம்பிக்கையில்லையாம். எனக்குச் சிரிப்பு வந்தது.

சாமியாரின் அனுமதியோடு பிபின் பழைய புத்தகத்தை எடுத்தான். 1964ஆம் ஆண்டின் பதிவில் திருத்தமோ அடித்தெழுதலோ இல்லை. ஞானத்தாய் கிளாராதான். ஓரத்தில் கல்யாணக் குறிப்பு எங்கே என்று சாமியார் கேட்டார். எந்தக் கோயிலில் கல்யாணம் நடந்தாலும், அங்கிருந்து தகவல் வந்து ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் எழுதப்பட வேண்டும். வயலட்டின் கல்யாணம் எல்லைக்கு அப்பால், தமிழ்நாட்டுக் கோயிலொன்றில் நடந்தது. இந்தப் பதிவின் ஓரமோ வெறுமையாக இருந்தது.

பிபின் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனான். 1967இல் நின்றான். அதே கிரகோரி, அதே தாய், பிள்ளையின் பெயரும் வயலட். ஞானத்தாய் மார்த்தா. ஓரத்தில் சூசையோடு நடந்த கல்யாணம், தேதியோடு. முதலில் கிடைத்த பெயரைப் பார்த்ததும் தேடலை நிறுத்திவிட்டதாக அவன் தலையைச் சொறிந்தான். அடக்கப் புத்தகத்தையும் கொண்டுவரச் சொன்னார் சாமியார். மூத்த வயலட் எட்டு மாதத்தில் இறந்திருந்தாள். இறந்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது அந்தக் காலத்தில் இங்கே சாதாரணம் என்றார்.

ஆக, என் முன்னால் நின்றவளுக்கு ஐம்பத்தெட்டுதான். விண்ணப்பம் நிற்காது. என் சந்தேகம் பலித்துவிட்டது, ஆனால் மனசுக்குள் அசிங்கமாக இருந்தது. இன்னும் இரண்டு வருஷம் கூடை சுமக்க வேண்டியவளிடம் அதை எப்படிச் சொல்வது என்று விழித்தேன்.

அவள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. தனக்கு ஒரு அக்காள் இருந்ததை யாரும் அவளிடம் சொன்னதில்லை. 1964ஆம் ஆண்டின் பக்கத்தைத் திரும்ப எடுக்கச் சொன்னாள். எழுத்து தெரியாதவள், பெயர் எங்கே இருக்கிறது என்று பிபினிடம் கேட்டு, அதன்மேல் விரல் படாமல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

“சாறே, அம்மைக்க மேல நான் வெறுதே சந்தேகப்பட்டேன்” என்றாள். “ஒரு விளி எனக்கு. மற்றது இவளுக்காக்கும்.”